சிறுநீரகம், கல்லீரல் பாதித்தவர்களுக்கு மனநல மருந்துகளின் அளவு: ஓர் அட்டவணையும் அதைப் படிக்கும் முறையும்

கேள்வி: எங்கள் தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் வாரம் ஒரு நாள்தான் வருகிறார். மற்ற நாட்களில் அவர் எழுதிய மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பது நான்தான். கிரியாட்டினின் கூடியவர்களும் கல்லீரல் கெட்டவர்களும் வரும்போது எந்த மருந்தைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி ஓர் அட்டவணை கிடைக்குமா?

பதில்:

அட்டவணையைக் கீழே தந்திருக்கிறேன். அதற்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட அட்டவணைகள் எல்லாம் இரண்டு எண்களை நம்பித்தான் எழுதப்படுகின்றன. சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் கிளியரன்ஸ். கல்லீரலுக்குச் சைல்டு-பியூ மதிப்பெண். இரண்டுமே ஆய்வகச் சீட்டில் அச்சாகி வருவதில்லை. சீட்டில் இருப்பது கிரியாட்டினினும், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யும். அவற்றை வைத்துக்கொண்டு அட்டவணையைத் திறந்தால், சரியான அட்டவணையிலிருந்தே தவறான அளவை எடுத்து எழுதிவிடுவோம். நான் சிறுநீரக வார்டிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் போய்ப் பார்ப்பவன். அங்கே காணும் மருந்துச் சிக்கல்களில் பலவற்றுக்கு வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சிறுநீரகம். காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் 1976இல் வந்தது. பழையது என்றாலும், மருந்து நிறுவனங்கள் தங்கள் மருந்துக் குறிப்பேடுகளில் தரும் வரம்புகள் பெரும்பாலும் இதை வைத்தே கணக்கிடப்பட்டவை. அதனால் மருந்தளவுக்கு இதையே பயன்படுத்துங்கள்.

```
(140 − வயது) × எடை (கிலோ) ÷ (72 × கிரியாட்டினின், மி.கி./டெ.லி.)
பெண் என்றால் வரும் விடை × 0.85
```

ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். வயது 68, எடை 45 கிலோ, உயரம் 150 செ.மீ., கிரியாட்டினின் 1.3. இந்த 1.3ஐப் பார்த்து யாரும் பதற மாட்டோம். "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று எழுதிவிட்டு நகர்வோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 140இலிருந்து 68 போக 72. அதை 45ஆல் பெருக்கினால் 3240. கீழே 72 × 1.3 = 93.6. வகுத்தால் 34.6. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க, நிமிடத்துக்கு 29 மி.லி. அட்டவணையில் இவர் நிற்பது "30க்குக் கீழே" என்ற கட்டத்தில்.

இப்போது பல ஆய்வகங்கள் கிரியாட்டினினோடு இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணையும் அச்சிட்டுத் தருகின்றன. இதே பெண்மணிக்கு 2021ஆம் ஆண்டின் சி.கே.டி.-எபி சூத்திரப்படி அது சுமார் 45 என்று வரும். 29 எங்கே, 45 எங்கே! இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம், இ.ஜி.எஃப்.ஆர். என்பது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ளவருக்கு என்று சரிக்கட்டித் தரப்படும் எண். நம் பெண்மணியின் உடற்பரப்பு சுமார் 1.37தான். அதற்கேற்பத் திருத்தினால் 45 என்பது 35ஆக இறங்கிவிடுகிறது. சிறுநீரக நோயின் நிலையைக் குறிக்க அச்சிட்ட எண் போதும். ஒல்லியான, வயதான ஒருவருக்கு மருந்தளவு தீர்மானிக்க அதை அப்படியே எடுக்கக் கூடாது. நம் ஊர் முதியவர்களில் 40, 45 கிலோ எடையுள்ளவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் சூத்திரம் பயன்படாது. நேற்று 1.1, இன்று 1.9 என்றால், இன்றைய உண்மையான வடிகட்டும் திறன் 1.9ஐ வைத்துக் கணக்கிடுவதைவிட மோசமாக இருக்கும். அந்த நாட்களில் சிறுநீரகம் வழியே போகும் மருந்துகளை நிறுத்திவைப்பதா என்றுதான் யோசிக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது அப்போதைய கேள்வி அல்ல. கால் எடுக்கப்பட்டவர்கள், தசை கரைந்து படுக்கையோடு இருப்பவர்கள் ஆகியோருக்கும் கிரியாட்டினின் பொய்யாகக் குறைந்து காட்டும்.

அடுத்து கல்லீரல். எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரல் செல்கள் உடைவதைக் காட்டுகின்றன. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டுவதில்லை. முற்றிய சிரோசிஸில் உடைவதற்கே செல்கள் அதிகம் மிஞ்சியிருக்காது. அதனால் எண்கள் சாதாரணமாகத் தெரியும். எதிர்ப்பக்கம், மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றில் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியும் மருந்தை வெளியேற்றும் திறன் ஓரளவு தாக்குப்பிடிக்கலாம். சைல்டு-பியூ கேட்பது ஐந்து விவரங்களை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 மதிப்பெண்.

| விவரம் | 1 | 2 | 3 |
|---|---|---|---|
| பிலிருபின் (மி.கி./டெ.லி.) | 2க்குக் கீழ் | 2–3 | 3க்கு மேல் |
| ஆல்புமின் (கி./டெ.லி.) | 3.5க்கு மேல் | 2.8–3.5 | 2.8க்குக் கீழ் |
| ஐ.என்.ஆர். | 1.7க்குக் கீழ் | 1.7–2.3 | 2.3க்கு மேல் |
| வயிற்றில் நீர் | இல்லை | லேசாக | அதிகமாக |
| என்செபலோபதி | இல்லை | நிலை 1–2 | நிலை 3–4 |

கூட்டினால் 5–6 வந்தால் ஏ, 7–9 வந்தால் பி, 10–15 வந்தால் சி. நீண்ட காலமாகக் குடித்து வந்த ஒருவர்: எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 31. சீட்டில் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் நட்சத்திரக் குறி விழுந்திருக்கும். ஆனால் பிலிருபின் 2.6, ஆல்புமின் 2.7, ஐ.என்.ஆர். 1.8, வயிற்றில் லேசாக நீர், தெளிவான நினைவு. 2 + 3 + 2 + 2 + 1 = 10. இவர் சி வகுப்பு.

இந்த இரண்டு எண்களும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளியரன்ஸ் பாதியானால், முழுக்கச் சிறுநீரகம் வழியே போகும் மருந்தின் அளவையும் பாதியாக்கலாம். கணக்கு நேராகப் போகிறது. சைல்டு-பியூவில் அப்படி ஒரு விகிதம் கிடையாது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஆகவே கல்லீரல் பத்தியில் உள்ள எண்களைத் தொடங்கும் இடமாக எடுத்துக்கொண்டு, நோயாளியைப் பார்த்துப் பார்த்துத்தான் நகர வேண்டும்.

இனி அட்டவணை. பெரியவர்களுக்கான, வாய்வழி அளவுகள் இவை. சிறுநீரகப் பத்தியில் உள்ள எண்கள் நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்ற கிளியரன்ஸைக் குறிக்கின்றன. கல்லீரல் பத்தியில் உள்ள ஏ, பி, சி என்பவை சைல்டு-பியூ வகுப்புகள்.

| மருந்து | சிறுநீரகம் | கல்லீரல் |
|---|---|---|
| லித்தியம் | 30–89: குறைந்த அளவில் தொடங்கி, ரத்த அளவு பார்த்து ஏற்றவும். 30க்குக் கீழ்: தவிர்க்கவும் | மாற்றம் இல்லை. ஆனால் வயிற்றில் நீரோ நீர்ப்போக்கி மாத்திரையோ இருந்தால் ரத்த அளவு நிலையாக நிற்காது |
| அமிசல்பிரைடு | 30–60: பாதி. 10–30: மூன்றில் ஒரு பங்கு. 10க்குக் கீழ்: தவிர்க்கவும் | மாற்றம் இல்லை |
| ரிஸ்பெரிடோன் | 30க்குக் கீழ்: 0.5 மி.கி. இரு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் 0.5க்கு மேல் ஒரே முறையில் ஏற்ற வேண்டாம்; வேளைக்கு 1.5ஐத் தாண்டினால் வார இடைவெளி | சி: அதே முறை |
| பாலிபெரிடோன் | 50–79: நாளுக்கு 6 மி.கி. உச்சம். 10–49: 1.5இல் தொடங்கி 3 உச்சம். மாத ஊசி: 50க்குக் கீழ் வேண்டாம் | ஏ, பி: மாற்றம் இல்லை |
| ஓலன்சபின் | மாற்றம் இல்லை | 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே தொடங்கவும் |
| குவெடியாபின் | மாற்றம் இல்லை | 25 மி.கி.யில் தொடங்கி 25–50 ஆக ஏற்றவும் |
| எஸ்சிட்டலோபிராம் | 30க்குக் கீழ்: கவனம் | 10 மி.கி.க்கு மேல் வேண்டாம் |
| செர்ட்ராலின் | மாற்றம் இல்லை | ஏ: பாதி. பி, சி: பரிந்துரைக்கப்படுவதில்லை |
| வென்லாஃபாக்சின் | 30–89: 25–50% குறைக்கவும். 30க்குக் கீழ்: பாதி அல்லது அதற்கும் கீழ் | ஏ, பி: பாதி. சி: பாதி அல்லது அதற்கும் கீழ் |
| டுலோக்செட்டின் | 30க்குக் கீழ்: தவிர்க்கவும் | நாள்பட்ட கல்லீரல் நோய், சிரோசிஸ்: தவிர்க்கவும் |
| வால்ப்ரோயேட் | அளவு மாற்றம் இல்லை. ரத்த அளவு ஏமாற்றும் | தவிர்க்கவும் |
| லமோட்ரிஜின் | கடும் பாதிப்பில் பராமரிப்பு அளவைக் குறைக்கவும் | பி, சி: 25% குறைக்கவும். சி + வயிற்றில் நீர்: 50% |
| பிரிகாபலின் (நாளின் மொத்தம்) | 30–60: 75–300 மி.கி. 15–30: 25–150. 15க்குக் கீழ்: 25–75 | மாற்றம் இல்லை |
| கபபென்டின் (நாளின் மொத்தம்) | 30–59: 400–1400 மி.கி. 15–29: 200–700 | மாற்றம் இல்லை |
| லோரசிபாம் | பெரிதாக மாற்றம் இல்லை | குறைந்த அளவு. இந்த வகையில் ஏற்றது |
| டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு | கவனம் | சிரோசிஸில் தவிர்க்கவும் |
| அகாம்ப்ரோசேட் | 30–50: 333 மி.கி. மூன்று வேளை. 30 அல்லது அதற்குக் கீழ்: கூடாது | ஏ, பி: மாற்றம் இல்லை |

அட்டவணையில் ரிஸ்பெரிடோன் வரிசையைப் பார்த்துச் சிலர் குழம்புவது உண்டு. கல்லீரலில் சிதையும் மருந்துக்குச் சிறுநீரகப் பத்தியில் ஏன் குறைப்பு? கல்லீரல் ரிஸ்பெரிடோனை 9-ஹைட்ராக்சி ரிஸ்பெரிடோனாக மாற்றுகிறது. அதுவும் அதே வேலையைச் செய்யும் பொருள். அதைத்தான் பாலிபெரிடோன் என்ற பெயரில் தனி மருந்தாக விற்கிறார்கள். அது வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. வென்லாஃபாக்சினிலும் இதே கதைதான். "இது கல்லீரல் மருந்து, கிட்னிக்குப் பயமில்லை" என்று ஒரு மருந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன், கல்லீரல் அதை என்னவாக மாற்றி அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும்.

இனி அந்த 68 வயதுப் பெண்மணிக்குத் திரும்புவோம். அவருக்கு இருதுருவ மனநோய். பல ஆண்டுகளாக லித்தியம் நாளுக்கு 900 மி.கி. எடுத்து நன்றாக இருக்கிறார். நீரிழிவால் கால் எரிச்சல் என்று பிரிகாபலின் 75 மி.கி. இரு வேளை சேர்ந்திருக்கிறது. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கைப் பத்து நாட்களாக விழுங்கியிருக்கிறார். இப்போது கை நடுங்குகிறது, தம்ளர் பிடிக்க முடியவில்லை, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பகலிலும் தூக்கம். வீட்டில் "வயசாகிவிட்டது" என்கிறார்கள்.

லித்தியம் எடுப்பவர் பலருக்கும் விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் இருக்கும். அது நச்சு அல்ல. கை முழுதும் பெரிதாக ஆடுவதும், நாக்குழறலும், தள்ளாட்டமும், வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால் சோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றைய மாத்திரையை நிறுத்துங்கள். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. ஊழியரிடம் குழாயின் மூடி நிறத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். பச்சை மூடிக் குழாய்களில் லித்தியம் ஹெப்பாரின் தடவியது ஒரு வகை. அதில் எடுத்தால், லித்தியமே எடுக்காதவருக்குக்கூட லித்தியம் இருப்பதாக விடை வரும். சீரம் குழாயில் எடுக்க வேண்டும்.

இவருக்கு லித்தியம் லிட்டருக்கு 1.6 மில்லிமோல், கிரியாட்டினின் 1.9 என்று வைத்துக்கொள்வோம். 1.6 என்பது கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் நீண்ட காலமாக எடுப்பவருக்கு மூளையில் மருந்து ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இதே எண் முதன்முதலாக மாத்திரையை அள்ளி விழுங்கியவருக்கு வந்தால் அவர் அறிகுறியின்றி உட்கார்ந்திருக்கலாம். இவரோ நடக்க முடியாமல் இருக்கிறார். எண்ணைவிட நோயாளியின் நடையை நம்புங்கள்.

லித்தியமும் டைக்ளோஃபெனாக்கும் நிறுத்தம். நார்மல் சலைன் ஏற்ற வேண்டும். கூடவே சோடியத்தையும் பார்க்க வேண்டும். நெடுநாள் லித்தியத்தால் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் போனவருக்குச் சலைன் மட்டும் ஓடினால் சோடியம் ஏறிவிடும். ஆறு முதல் பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை லித்தியம் அளவு, ஓர் இ.சி.ஜி. நீர்ப்போக்கி ஊசி போட்டு வெளியேற்றலாம் என்ற எண்ணம் வேண்டாம். உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

டயாலிசிஸுக்கு எப்போது அனுப்புவது என்பதில் நச்சேற்றத்தில் டயாலிசிஸ் பற்றி வழிகாட்டும் எக்ஸ்ட்ரிப் என்ற சர்வதேச நிபுணர் குழுவின் வரையறை உதவும். நினைவு மங்கல், வலிப்பு, உயிருக்கு ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தால் ரத்த அளவு எதுவானாலும் அனுப்ப வேண்டும். சிறுநீரகமும் கெட்டிருந்து அளவு 4ஐத் தாண்டினாலும் அப்படியே. குழப்பம் இருந்தாலோ, 1க்குக் கீழே இறங்க 36 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தோன்றினாலோ அனுப்புவது நல்லது. உங்கள் மருத்துவமனையில் லித்தியம் அளவு பார்க்கும் வசதியே இல்லையென்றால், நான் சொன்ன அறிகுறிகள் உள்ளவரை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப அதுவே போதுமான காரணம். ரத்த அளவு இறங்கிய பிறகும் தள்ளாட்டம் நாள்கணக்கில் நீடிக்கும்; சிலருக்குச் சிறுமூளைச் சேதம் நிலைத்தே விடுகிறது. தாமதம் செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

இரண்டு வாரத்தில் கிரியாட்டினின் 1.3இல் வந்து நிற்கிறது. இப்போதுதான் சூத்திரத்தைப் போடும் நேரம், 29. லித்தியத்தை மீண்டும் தொடங்குவதா? இந்த அளவில் வேண்டாம் என்பதே பொது விதி. லித்தியம் ஒன்றுக்குத்தான் கட்டுப்படுவார் என்று வரலாறு காட்டினால், சிறுநீரக மருத்துவரும் மனநல மருத்துவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது. வாராந்தர வருகைக்கு இடையில் நீங்கள் தனியாகத் தொடங்கிவிட வேண்டியதில்லை. இடைப்பட்ட நாட்களுக்கு இரவில் குவெடியாபின் 25 மி.கி. தொடங்கி ஏற்றலாம், சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தே ஏற்ற வேண்டும். நீரிழிவு இருப்பதால் சர்க்கரையையும் கவனிக்க வேண்டும்.

பிரிகாபலின் 75 இரு வேளை என்பது நாளுக்கு 150. அட்டவணையில் 15–30 கட்டத்தின் உச்சம் அது. மற்றவருக்கு இது தொடக்க அளவு, இவருக்கு அதிகபட்சம். சாதாரணமாக ஆறு மணி நேரத்தில் பாதியாகும் இந்த மருந்துக்கு, இந்தச் சிறுநீரகத்தில் ஏறக்குறைய ஒரு நாள் தேவைப்படுகிறது. பகல் தூக்கத்தில் இதற்கும் பங்கு உண்டு. இரவில் மட்டும் 25 அல்லது 50 மி.கி. என்று இறக்கலாம். பிரிகாபலின், கபபென்டின் தேங்கியதற்கு ஓர் அடையாளம் உண்டு: தூக்கக் கலக்கத்தோடு, கை கால்கள் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். சிறுநீரக வார்டில் இதை "யூரியா ஏறிவிட்டது" என்று எழுதிவிடுவது எளிது. மருந்துச் சீட்டைப் புரட்டிப் பார்த்தால் கபபென்டின் 300 மூன்று வேளை இருக்கும்.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். இங்கே பிரிகாபலின் பெரும்பாலும் மெத்தில்கோபாலமினோடோ நார்ட்ரிப்டிலினோடோ ஒரே மாத்திரையில் கலந்து வருகிறது. வைட்டமின் மாத்திரை என்று நினைத்தே பலர் சாப்பிடுகிறார்கள். "வேறென்ன மாத்திரை" என்று கேட்டால் சொல்லமாட்டார்கள். அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பின்பக்கத்தைப் படியுங்கள். கலவை மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க வழியில்லை. சிறுநீரகம் கெட்டவருக்குத் தனித்தனி மாத்திரையாக எழுதுவதே முறை.

கல்லீரல் பக்கம் வருகிறேன். மேலே சொன்ன சி வகுப்பு நோயாளி குடியை நிறுத்தி இரண்டாம் நாள். நடுக்கம், வியர்வை, நாடி 120. வழக்கமாகக் கைக்கு வருவது குளோர்டயசிபாக்சைடு. இவருக்கு அது கூடாது. குளோர்டயசிபாக்சைடும் டயசிபாமும் முதலில் ஆக்சிஜனேற்றம் ஆகி, அதில் பிறக்கும் வேலை செய்யும் துணைப் பொருட்கள் மீண்டும் சிதைந்து வெளியேற வேண்டும். சிரோசிஸில் முதலில் படுத்துவிடுவது இந்தப் பாதைதான். லோரசிபாம், ஆக்சசிபாம் இரண்டும் நேராகக் குளுக்குரோனைடாக இணைந்து வெளியேறுகின்றன. அந்தப் பாதை நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. வேலை செய்யும் மிச்சமும் இல்லை. லோரசிபாம் 1 மி.கி. கொடுத்து, ஒரு மணி நேரத்தில் பார்த்து, அறிகுறி இருந்தால் மட்டும் அடுத்தது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கும் நிலையான அட்டவணை இவருக்கு வேண்டாம். தயமின் ஊசியைக் குளுக்கோஸுக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாள் அவர் உளறுகிறார் என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்: குடிநிறுத்தக் குழப்பம், கல்லீரல் என்செபலோபதி, நாம் கொடுத்த மருந்தின் மிகை. நாடி வேகம், வியர்வை, காய்ச்சல், இல்லாத பூச்சிகளைத் தட்டுவது இவை குடிநிறுத்தத்தின் பக்கம். நாடி அமைதியாக இருந்து, பகலில் தூங்கி இரவில் விழித்து, கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு சிறகடிப்பதுபோல் விழுந்து எழுந்தால் அது என்செபலோபதி. அதில் லோரசிபாமைக் கூட்டினால் ஆழ்ந்த மயக்கத்தில் முடியும். அமைதியாகத் தூங்கி, தட்டினால் எழுந்து, மீண்டும் தூங்குபவருக்கு அடுத்த அளவை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம். அப்போதும் மூச்சின் எண்ணிக்கையையும் ஆக்சிஜன் அளவையும் எண்ணி எழுதிவையுங்கள். மூன்றும் கலந்தும் வரும். அந்த நிலையில் சி வகுப்பு நோயாளியைத் தாலுகா மருத்துவமனையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சிரோசிஸில் மலச்சிக்கலே என்செபலோபதியைத் தூண்டும். ஆகவே தூக்கத்துக்கென்று அமிட்ரிப்டிலினையும், நடுக்கத்துக்கென்று டிரைஹெக்சிபெனிடிலையும் சேர்ப்பது அட்டவணையில் எந்த எண்ணையும் மீறாமலே ஆளைக் கவிழ்த்துவிடும். எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்திருப்பவருக்குத் தொடங்குமுன் குடல் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

குவெடியாபினுக்குக் கல்லீரல் பத்தியில் 25 என்று ஏன் அவ்வளவு கீழே தொடங்குகிறோம் என்பதற்கும் காரணம் உண்டு. இது குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் முதல் சுற்றிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும் மருந்து. சிரோசிஸில் ரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டு வழியில் போய்விடுகிறது. முதல் சுற்றில் அழியாமல் தப்பும் பங்கு கூடினால், முதல் மாத்திரையிலேயே ரத்த அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறும். மற்ற மருந்துகளில் ஆபத்து நாள்கள் போகப்போகத் தேங்குவதில் இருக்கிறது. இப்படிப்பட்ட மருந்துகளில் முதல் நாளிலேயே இருக்கிறது.

தேங்குவதைப் பற்றிச் சொன்னதால் ஏற்றும் வேகத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மருந்து ரத்தத்தில் நிலையான அளவை எட்ட ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் காலம் தேவை. ஃபுளுவாக்செட்டினை எடுத்துக்கொண்டால், சிரோசிஸில் அதன் அரை ஆயுள் ஏழு நாட்களைத் தாண்டுகிறது. அதன் துணைப் பொருளுக்குப் பன்னிரண்டு நாட்கள். இரண்டு வாரத்தில் "பலன் இல்லை" என்று 20ஐ 40ஆக்கினால், முதல் 20 இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததையும் ஏற்றிவிடுகிறோம். அளவைப் பாதியாக்குவதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த ஏற்றத்துக்கான இடைவெளியை இரட்டிப்பாக்க மறந்துவிடுகிறார்கள். உறுப்பு பாதித்தவருக்கு இந்த இரண்டாவது மாற்றமும் கட்டாயம்.

வால்ப்ரோயேட் வரிசையில் "ரத்த அளவு ஏமாற்றும்" என்று எழுதியிருக்கிறேன். இந்த மருந்தின் பெரும்பகுதி ஆல்புமினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலை செய்வது ஒட்டாத சிறு பகுதி. ஆய்வகம் தருவது இரண்டின் கூட்டுத்தொகை. ஆல்புமின் குறைந்தவருக்கும் யூரியா கூடியவருக்கும் ஒட்டாத பகுதி பெருகுகிறது. மொத்தம் 60 என்று, சரியான வரம்புக்குள் வந்திருக்கும். ஆனால் நோயாளி மந்தமாக, நடுங்கிக்கொண்டு இருப்பார். மொத்த அளவு குறைந்திருக்கிறதே என்று மாத்திரையைக் கூட்டுவதுதான் இங்கே நேரும் தவறு. ஒட்டாத வால்ப்ரோயேட்டை அளக்கும் வசதி அரிது; அம்மோனியா பார்க்க முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் மந்தத்தை நம்பி அளவைக் குறையுங்கள்.

கடைசியாக, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள். லித்தியம், பிரிகாபலின், கபபென்டின் மூன்றும் டயாலிசிஸில் வெளியேறிவிடும். ஆகவே டயாலிசிஸ் நாளில் அந்த வேளை மாத்திரை டயாலிசிஸ் முடிந்த பிறகுதான். மருந்துச் சீட்டில் "இரவு" என்று மட்டும் எழுதினால் காலை டயாலிசிஸுக்குப் பொருந்தும். மாலையில் டயாலிசிஸ் உள்ளவருக்கு, முடிந்து வீட்டுக்குப் போனதும் போடச் சொல்லி நேரத்தை எழுதுங்கள். குவெடியாபின், ஓலன்சபின், செர்ட்ராலின் போன்றவை டயாலிசிஸில் அவ்வளவாக வெளியேறுவதில்லை. நேரம் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் டயாலிசிஸ் முடிந்து எழும்போதே ரத்த அழுத்தம் இறங்கியிருப்பவருக்குக் குவெடியாபினைப் படுக்கப் போகும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.